ஆறு விசைகளும் ஒரு திரை அமைப்பும்: திருமண வீடியோவை வேகமாக வெட்டுவது எப்படி

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் நல்ல முகூர்த்த நாளன்று நூற்றுக்கும் மேல் திருமணங்கள் நடக்கும். மலையடியில் ஒரு மாலை மாற்றல், நாலடி தள்ளி இன்னொரு தாலி கட்டு, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வீட்டுக்காரர்களின் கெட்டிமேளம். அந்தக் கூட்டத்தில் கேமராவைத் தூக்கிப் பிடித்து எடுத்த கிளிப்புகள் மறுநாள் எடிட்டரின் மேசைக்கு வரும். மூன்று மணி நேர ஃபுட்டேஜ், நானூறு கிளிப் என்பதெல்லாம் சாதாரணம். அதில் முக்கால்வாசி கிளிப்புகளில் முதல் சில விநாடிகள் ஃபோகஸ் தேடுவதிலும், கடைசிச் சில விநாடிகள் லென்ஸ் தரையைப் பார்ப்பதிலும் போயிருக்கும். நடுவில் யாரோ ஒரு மாமாவின் முதுகு.

அந்த வேலைக்கு நேரம் எங்கே போகிறது என்று உட்கார்ந்து கவனித்தால், எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவெடுப்பதில் அதிகம் போவதில்லை. முடிவு பார்த்தவுடனே வந்துவிடும். அதைச் செய்து முடிக்க மவுஸ் திரையின் மேலும் கீழும் அலைவதில்தான் போகிறது. இந்தக் கட்டுரை அந்த அலைச்சலைப் பற்றி மட்டும். மென்பொருள் பிரீமியர் ப்ரோ, கணினி விண்டோஸ் என்று வைத்துக்கொள்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் Ctrl என்று வரும் இடத்தில் Cmd என்றும், Alt என்று வரும் இடத்தில் Option என்றும் படித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

முதலில் கையை எங்கே வைப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் முடித்தவர்களுக்கு இது உடனே புரியும். asdfgf ;lkjhj அடித்துப் பழகிய அதே வரிசையில்தான் எடிட்டிங்கின் இதயமும் இருக்கிறது. வலது கை ஆள்காட்டி விரல் J மேல், நடுவிரல் K மேல், மோதிர விரல் L மேல். J விசையில் ஒரு சின்ன மேடு இருக்கும், பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும். இடது கை Q, W பக்கம். மவுஸை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் கை தானாக அங்கே போகும். முதல் வாரம் முழுக்க அதுதான் தொல்லை.

L முன்னோக்கி ஓட்டும், J பின்னோக்கி, K நிறுத்தும். L-ஐ இன்னொரு முறை தட்டினால் வேகம் கூடும், மறுபடி தட்டினால் இன்னும் கூடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, K-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டே L-ஐயும் பிடித்தால் மெதுவாக ஓடும் என்பது. K-ஐப் பிடித்தபடி L-ஐ ஒரு தட்டு தட்டினால் ஒரே ஒரு ஃபிரேம் நகரும். J-க்கும் அப்படியே. மாலை தோளில் விழும் அந்த ஃபிரேமைத் தேட மவுஸால் பிளேஹெட்டைப் பிடித்து இழுப்பவர்கள் இந்த ஒன்றைப் பழகினாலே போதும், பாதி எரிச்சல் தீர்ந்துவிடும். ஐந்து ஐந்து ஃபிரேமாகத் தாவ வேண்டுமானால் Shift-உடன் இடது வலது அம்புக்குறி. நம் ஊரில் வழக்கமான 25 ஃபிரேம் வேகத்தில் அது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

வேகமாக ஓட்டும்போது மந்திரமும் பேச்சும் கீச்சுக்குரலாகிவிட்டால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. Preferences-இல் Audio பகுதியில் Maintain pitch while shuttling என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் குரல் குரலாகவே கேட்கும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஃபுட்டேஜ் பார்க்க இது இல்லாமல் முடியாது.

இனி வெட்டும் விசைகள். Q தட்டினால், அந்தக் கிளிப்பின் தொடக்கத்திலிருந்து பிளேஹெட் நிற்கும் இடம் வரை உள்ளது போய்விடும், இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும். W அதன் மறுபக்கம்: பிளேஹெட்டிலிருந்து கிளிப்பின் முடிவு வரை போய்விடும், அடுத்த கிளிப் வந்து ஒட்டிக்கொள்ளும். Ctrl+K பிளேஹெட் நிற்கும் இடத்தில் ஒரு வெட்டு மட்டும் போடும். J, K, L, Q, W, Ctrl+K. ஆறே ஆறு. வேண்டாததைச் சல்லடையில் சலிப்பதுபோல் நீக்கும் முதல் வேலையைச் சலிப்பு என்கிறேன்; ஒரு திருமணத்தின் முதல் சலிப்பை இந்த ஆறை வைத்தே முடித்துவிடலாம்.

ஒரு கிளிப்பை எடுத்துப் பார்ப்போம். மாலை மாற்றும் கிளிப், 1 நிமிடம் 12 விநாடி. முதல் 9 விநாடி ஃபோகஸ் தடுமாறுகிறது. பிறகு மாலை மாற்றல் நன்றாக இருக்கிறது. 31-ஆவது விநாடியில் கேமராக்காரர் இடம் மாறி நடக்கிறார், 36-இல் மறுபடி நிலைக்கிறார். 58-க்குப் பிறகு லென்ஸ் கீழே இறங்குகிறது. L தட்டி ஓட்டுகிறோம். 9-ஆவது விநாடியில் K, பிறகு Q. தலைப்பகுதி போனது. பிளேஹெட் தானாகவே கிளிப்பின் புதிய தொடக்கத்தில் வந்து நிற்கும், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. மறுபடி L. நடக்கத் தொடங்கும் இடத்தில் K, Ctrl+K. மறுபடி L. நிலைத்த இடத்தில் K, Q. இப்போது அந்த Q, சற்றுமுன் நாம் போட்ட வெட்டிலிருந்து பிளேஹெட் வரை உள்ள ஐந்து விநாடி நடையை எடுத்துவிடும். மறுபடி L. லென்ஸ் இறங்கும் இடத்தில் K, W. வால் போனது, பிளேஹெட் அடுத்த கிளிப்பின் முதல் ஃபிரேமில் நிற்கிறது. 72 விநாடியில் 28 போய் 44 மிச்சம்.

ஓட்டுவதையும் நிறுத்துவதையும் விட்டுவிட்டால் வெட்டுவதற்கு ஆன தட்டல் நான்கு:

```
Q   Ctrl+K   Q   W
```

இதையே மவுஸில் செய்பவர் தலைப்பகுதிக்கு ரேசரை எடுத்து, வெட்டி, அம்புக்குறிக் கருவிக்கு மாறி, துண்டைத் தேர்ந்து, Delete தட்டி, இடைவெளியில் ரைட் கிளிக் செய்து, Ripple Delete என்பதைத் தேர்வார். ஏழு அசைவு. வாலுக்கு இன்னொரு ஏழு. நடுவில் இரண்டு வெட்டு என்பதால் எட்டு. மொத்தம் 22. நானூறில் முந்நூறு கிளிப்புக்குத் தலையும் வாலும் மட்டும் நறுக்கினாலே மவுஸில் 4,200 அசைவு, விசையில் 600 தட்டல். மணிக்கட்டு வலியோடு இரவு பதினொரு மணிக்கு எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த வேகத்தில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று. Q-வும் W-வும் பக்கத்துப் பக்கத்து விசைகள். மேலே சொன்ன கிளிப்பில் 9-ஆவது விநாடியில் Q-க்குப் பதில் W விழுந்தால், நல்ல பகுதி 63 விநாடி மொத்தமாகப் போய், ஃபோகஸ் இல்லாத 9 விநாடி மட்டும் மிஞ்சும். அடுத்த கிளிப் உடனே வந்து ஒட்டிக்கொள்வதால் திரையில் எந்த ஓட்டையும் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கும் கண்ணுக்கு அது சாதாரண வெட்டு போலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ப்ரோகிராம் மானிட்டரின் வலது கீழ் மூலையில் உள்ள மொத்த நீளத்தை ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரே தட்டலில் ஒரு நிமிடம் குறைந்தால் கை தவறிவிட்டது என்று அர்த்தம், உடனே Ctrl+Z. இரண்டாவது காவல், வெட்டத் தொடங்கும் முன் சீக்வென்ஸைப் ப்ராஜெக்ட் பேனலில் தேர்ந்து Ctrl+Shift+/ தட்டி ஒரு நகல் எடுத்து வைப்பது. ஒன்றுக்கு ‘முழு’ என்றும் இன்னொன்றுக்கு ‘வெட்டு’ என்றும் பெயர் வையுங்கள். ‘முழு’வைத் தொடவே கூடாது. நான்கு நாள் கழித்துப் பெண் வீட்டார், “பெரியப்பா அட்சதை போட்டாரே, அது எங்கே?” என்று கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

J-யைத் தட்டினால் படம் திக்கித் திக்கி ஓடுகிறதென்றால் விசையைக் குறை சொல்ல வேண்டாம். இப்போதைய கேமராக்கள் H.264, HEVC வகையில் பதிகின்றன. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவில் முந்தையதற்கும் பிந்தையதற்கும் உள்ள வேறுபாடு மட்டும். பின்னோக்கி ஓட்டும்போது ஒரு ஃபிரேமைக் காட்டக்கூட அது சேர்ந்துள்ள ஃபிரேம் தொகுதி முழுவதையும் கணினி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ப்ரோகிராம் மானிட்டரின் கீழே உள்ள தரத்தை 1/2 அல்லது 1/4 ஆக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், கிளிப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்து ரைட் கிளிக் செய்து Proxy என்பதில் Create Proxies கொடுங்கள், எளிதாக ஓடும் கனம் குறைந்த நகல்கள் உருவாகும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் J வழுக்கிக்கொண்டு ஓடும். விசை பழகியும் வேகம் வரவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேதான் என்பது என் கணிப்பு.

திரை அமைப்புக்கு வருவோம். பிரீமியரை நிறுவியவுடன் வரும் அமைப்பு, எல்லா வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுக்கும். சலிக்கும் வேலைக்கு அது ஆகாது. சலிக்கும்போது வேண்டியது இரண்டே: பெரிய படம், நீளமான டைம்லைன். சோர்ஸ் மானிட்டர் வேண்டாம், ஏனென்றால் எல்லாக் கிளிப்பும் ஏற்கெனவே வரிசையாக டைம்லைனில் கிடக்கிறது. எஃபெக்ட்ஸ், லுமெட்ரி, எசென்ஷியல் சவுண்ட் எதுவும் வேண்டாம். பேனலின் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று கோட்டை அழுத்தி Close Panel கொடுத்து மூடிக்கொண்டே வாருங்கள். எதுவும் அழியாது, Window மெனுவில் எப்போதும் திரும்பக் கிடைக்கும். கடைசியில் டைம்லைன் திரையின் அகலம் முழுக்கக் கீழே, மேலே ப்ரோகிராம் மானிட்டர், இடது ஓரத்தில் ஒடுங்கிய ப்ராஜெக்ட் பேனல். அவ்வளவுதான். டைம்லைன் அகலமாக இருக்க வேண்டியதன் காரணம், \ விசையைத் தட்டினால் மொத்த சீக்வென்ஸும் ஒரே பார்வையில் விரியும். அகலம் குறைந்தால் துண்டுகள் மயிரிழையாகத் தெரியும், மேலே சொன்ன W தவறில் மிஞ்சும் குட்டித் துண்டு கண்ணில் படாது.

இந்த அமைப்பை Window மெனுவில் Workspaces, அதில் Save as New Workspace கொடுத்து ‘சலிப்பு’ என்றோ வேறு பெயரிலோ சேமியுங்கள். வண்ணத்துக்கு இன்னொன்று: நடுவில் பெரிய ப்ரோகிராம் மானிட்டர், வலதில் லுமெட்ரி, இடதில் ஸ்கோப், கீழே டைம்லைன் ஒல்லியாக. மூன்றாவதாக ஒன்று வேண்டுமானால் ஒலிக்கு. அதற்கு மேல் வேண்டாம், பத்து அமைப்பு வைத்தால் எது எங்கே என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். பேனல்கள் கலைந்துபோனால் Alt+Shift+0 தட்டினால் சேமித்த நிலைக்குத் திரும்பும். ஏதாவது ஒரு பேனலை நொடியில் முழுசாகப் பார்க்க, மவுஸ் முனையை அதன் மேல் வைத்து, 1-க்கு இடப்பக்கம் உள்ள ` விசையைத் தட்டுங்கள். மறுபடி தட்டினால் பழைய இடத்துக்குப் போய்விடும். லேப்டாப் திரையில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு விசை இரண்டாவது மானிட்டர் வாங்கியதற்குச் சமம்.

பாண்டிச்சேரியில் இன்னொரு ஸ்டுடியோவிலிருந்து வந்த ப்ராஜெக்டைத் திறந்ததும் உங்கள் அமைப்பு மாறி அவர்களுடையது வந்து நிற்கிறதா? Workspaces மெனுவிலேயே Import Workspace from Projects என்று இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் யாருடைய ப்ராஜெக்டைத் திறந்தாலும் உங்கள் திரை உங்களுடையதாகவே இருக்கும்.

இப்போது ட்ராக். Q-வும் W-வும் சில சமயம் படத்தை மட்டும் வெட்டிவிட்டு ஒலியை விட்டுவிடும், சில சமயம் தேவையில்லாத இசையையும் சேர்த்து அறுக்கும், சில சமயம் ஒன்றுமே செய்யாது. பழகுகிறவர்கள் வெறுத்துப்போய் மவுஸுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். காரணம் எளியது. டைம்லைனின் இடது ஓரத்தில் V1, A1 என்று இரண்டு வரிசையாக இருக்கும். ட்ராக்கை ஒட்டியுள்ள உள்வரிசைதான் டார்கெட். எது நீல நிறத்தில் எரிகிறதோ அந்த ட்ராக்கில்தான் விசை வேலை செய்யும். சலிக்கும்போது V1-உம் A1-உம் எரிய வேண்டும், மற்றவை அணைந்திருக்க வேண்டும். மேல், கீழ் அம்புக்குறியால் வெட்டிலிருந்து வெட்டுக்குத் தாவுவதும் இதே கணக்குதான். தாவாமல் எங்கோ போய் நின்றால் டார்கெட்டைப் பாருங்கள்.

இசையை A3-இல் போட்ட பிறகு சலிக்கத் தொடங்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து. A3 எரிந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு Q-வுக்கும் பாட்டு துண்டாகும். A3-ஐப் பூட்டிவிட்டால் பாட்டு தப்பிக்கும், ஆனால் படம் முன்னால் நகர, பாட்டு நின்ற இடத்தில் நிற்க, தாளத்துக்குப் பொருந்தியிருந்த வெட்டுகள் எல்லாம் விலகிவிடும். முதலில் சலிப்பு, பிறகு இசை. வரிசை மாறினால் எந்த விசையும் காப்பாற்றாது.

இதுவரை சொன்னது எல்லாமே செல்லாத ஒரு பகுதி திருமண வீடியோவில் இருக்கிறது. தாலி கட்டும் நேரம். ஐயர் கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூச்சில் எழும். அந்த ஒலியை நடுவில் அறுத்து ஒட்டினால், வீடியோ தெரியாதவருக்கும் காது சொல்லிவிடும். தவிலடியில் ஒரு அடி விழுங்கப்பட்டிருக்கும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடம் நொண்டும். ஆகவே இங்கே Q, W இரண்டையும் மறந்துவிட வேண்டும். ஒரு கேமராவின் ஒலி, அட்சதை விழுந்து மேளம் அடங்கும் வரை, ஒரு வெட்டுகூட இல்லாமல் ஓட வேண்டும். அதுதான் முதுகெலும்பு. எந்தக் கேமராவின் ஒலி என்பதைக் காதால் தேர்ந்தெடுங்கள். திருவந்திபுரம் போன்ற இடத்தில் பக்கத்துத் திருமணத்தின் மேளம் எதில் குறைவாகக் கேட்கிறதோ அது.

அந்தக் கேமராவின் படம் V1-இல், ஒலி A1-இல் இருக்கட்டும். ட்ராக் தலையில் உள்ள பூட்டுக் குறியை அழுத்தி இரண்டையும் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் பூட்டுவது ஆபத்து, அதைப் பிறகு சொல்கிறேன். இனி V1-இல் யாராவது குறுக்கே வந்து மறைத்தாலோ கேமரா ஆடினாலோ அந்தத் துண்டை எடுக்கப் போவதில்லை, மேலே V2-இல் இன்னொரு படத்தை வைத்து மூடப் போகிறோம். இந்த வேலைக்குச் சோர்ஸ் மானிட்டர் வேண்டும், Shift+2 தட்டினால் வரும். இரண்டாவது கேமராவின் கிளிப்பை அதில் திறந்து, அம்மாவின் கண் கலங்கும் மூன்று விநாடியின் தொடக்கத்தில் I, முடிவில் O. டைம்லைனின் இடது ஓரத்தின் வெளிவரிசையில் V1 என்ற நீலக் கட்டத்தை V2-க்கு நேராக வையுங்கள், A1 கட்டத்தை அணைத்துவிடுங்கள், அந்தக் கிளிப்பின் ஒலி நமக்கு வேண்டாம். Shift+3 தட்டி டைம்லைனுக்கு வந்து, பிளேஹெட்டை மறைக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள். படம் V2-இல் விழும், கீழே எதுவும் அசையாது.

முற்றுப்புள்ளி இருப்பதை மூடும். அதற்கு இடப்பக்கத்தில் உள்ள காற்புள்ளி நடுவில் நுழைந்து மற்றதைத் தள்ளும். ஒரு விரல் தள்ளி விழுந்தால் கதையே வேறு. A1-ஐ மட்டும் பூட்டி V1-ஐத் திறந்து வைத்திருந்தால், காற்புள்ளி தட்டிய நொடியில் V1 அந்த இடத்தில் அறுந்து மூன்று விநாடி பின்னால் தள்ளப்படும், A1 அசையாது. மேளம் முழங்கி முடிந்து மூன்று விநாடி கழித்துத் தாலி கட்டுவார் மாப்பிள்ளை. இதை அடையாளம் காண்பது சுலபம். கிளிப்பின் மூலையில் சிவப்பு எண் தோன்றும், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அந்த எண். அதைப் பார்த்தால் மேற்கொண்டு ஒரு விசையும் தட்டாமல் Ctrl+Z. அதற்காகத்தான் இரண்டையும் பூட்டச் சொன்னது. பூட்டியிருந்தால் காற்புள்ளி தவறி விழுந்தாலும் V2 மட்டும்தான் நகரும்.

V2-இல் வைக்கும் படத்தில் தவில்காரரின் கை தெரியுமானால், அடியும் ஒலியும் பொருந்துகிறதா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். மூன்று நான்கு ஃபிரேம் விலகினாலே கண் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் முகம், அட்சதைத் தட்டு, குழந்தையின் கை இவற்றுக்கு அந்தக் கட்டாயமில்லை. எனவே பொருந்தாத இடத்தை மூட இவைதான் நல்ல மூடி.

விசை வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நீலக் கோடு. எந்தப் பேனலைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஓடுகிறதோ அதற்குத்தான் விசை போய்ச் சேரும். ப்ராஜெக்ட் பேனலில் நீலம் இருக்கும்போது Delete தட்டினால் டைம்லைனில் உள்ள துண்டு போகாது, பேனலில் தேர்ந்துள்ள கிளிப்பே ப்ராஜெக்டை விட்டுப் போகும். சீக்வென்ஸில் பயன்படுகிறது என்று எச்சரிக்கை வந்தால் படிக்காமல் Enter தட்டாதீர்கள். ஒவ்வொரு முறை பேனல் மாறிய பிறகும் Shift+3 தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்த விபத்து நேராது. M விசையும் இப்படித்தான். டைம்லைனில் ஒரு கிளிப் தேர்ந்திருக்கும்போது M தட்டினால் மார்க்கர் கிளிப்பின் மேல் விழும், மேலே உள்ள அளவுகோலில் விழாது. Ctrl+Shift+A தட்டித் தேர்வை விலக்கிவிட்டு M தட்டுங்கள்.

இரண்டாவது காரணம் தமிழ். மணமக்கள் பெயரைத் தமிழ்99-இலோ ஒலிபெயர்ப்பிலோ தட்டி முடித்து டைம்லைனுக்குத் திரும்பினால், கணினி இன்னும் தமிழிலேயே இருக்கும். நாம் L என்று தட்டுவது மென்பொருளுக்கு வேறு எழுத்தாகப் போகிறது. பிரீமியர் செத்துவிட்டது என்று நினைத்து மூடித் திறப்பவர்கள் உண்டு, அது தேவையில்லை. Windows விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும், திரையின் வலது கீழ் மூலையில் ENG என்று வந்ததா என்று பாருங்கள். இதைவிட நல்ல வழி, பெயர், தேதி, மண்டபம், அழைப்பு வரிகள் எல்லாவற்றையும் முதலிலேயே நோட்பேடில் தட்டி வைத்துக்கொண்டு, டைட்டிலில் ஒட்டுவது. எழுத்துப் பிழையையும் வீட்டாரிடம் முன்பே காட்டிச் சரிபார்த்துவிடலாம். ஒட்டிய பிறகு எழுத்துகள் சிதறித் தெரிந்தால் Preferences-இல் Graphics பகுதியில் தெற்காசிய மொழிக்கான தேர்வு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுங்கள்.

நம் பக்கத்துத் திருமண எடிட்டர்களில் எடியஸ் மென்பொருளில் கை பழகியவர்கள் நிறைய. அங்கே C தட்டினால் கர்சர் நிற்கும் இடத்தில் வெட்டு விழும். இங்கே C தட்டினால் ரேசர் கருவி கையில் வந்து நிற்கும், வெட்டு விழாது. பழகிய விரலோடு மல்லுக்கட்டுவதைவிட விசையை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். Ctrl+Alt+K தட்டினால் விசைப்பலகையின் படம் விரியும். தேடும் பெட்டியில் Add Edit என்று தட்டி, அதற்கு எதிரே C கொடுங்கள். ஏற்கெனவே ரேசருக்கு இருந்த C போய்விடும் என்று கீழே எச்சரிக்கை வரும், போகட்டும். Ripple Delete-ஐ Z-க்குக் கொடுப்பதையும் சொல்வேன். Shift+Delete-க்கு வலது கை JKL-ஐ விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது, Z இடது கையின் கீழேயே இருக்கிறது. Z-இல் இருக்கும் ஜூம் கருவி, \ விசையும் = மற்றும் - விசைகளும் இருக்கும்போது யாருக்கும் தேவைப்படாது. இந்த இரண்டுக்கு மேல் மாற்றாதீர்கள். முப்பது விசையை மாற்றிவிட்டு வேறொரு ஸ்டுடியோவில் உட்கார்ந்தால் கை ஊமையாகிவிடும்.

மாற்றியதும் அதே பெட்டியில் Save As கொடுத்து உங்கள் பெயரில் சேமியுங்கள். அது .kys என்று முடியும் சின்னக் கோப்பாக ஆவணங்கள் மடிப்புக்குள் போய் உட்காரும்:

```
Documents\Adobe\Premiere Pro\<பதிப்பு>\Profile-<பெயர்>\Win\
```

அதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி, தை மாதங்களில் வேலை குவிந்து இன்னொருவர் மேசையில் உட்கார நேரும்போது, அங்கே இதே மடிப்பில் கோப்பைப் போட்டு, பிரீமியரை மூடித் திறந்து, Ctrl+Alt+K பெட்டியின் மேலே உள்ள பட்டியலில் உங்கள் பெயரைத் தேர்ந்தால் C-யும் Z-யும் உங்கள் கைக்கு வந்துவிடும். வேலை முடிந்து எழும்போது அதே பட்டியலில் அவருடையதைத் திரும்பத் தேர்ந்து வைத்துவிட்டு வாருங்கள்.